காற்றும் மழையும் மணிக்கணக்கும்



பாம்பனிலிருந்து ஒரு சகோதரி நமக்கு ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார். படகு கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் வானிலைப் பலகை அது. கரும்பலகை, சுண்ணாம்புக்கட்டி எழுத்து, எல்லாம் ஆங்கிலம். மேலே இருந்து வருகிற அறிக்கையைப் பார்த்து ஒருவர் சுருக்கி எழுதிவிட்டுப் போகிறார். இவர் மாலையில் அதைப் படம் எடுத்துத் தமிழில் பெயர்த்து, தெருவில் உள்ள அத்தனை வீட்டுக்கும் கைப்பேசியில் அனுப்புகிறார். கல்லூரி வரை படித்தவர் என்பதால் இந்த வேலை இவர் தலையில் விழுந்திருக்கிறது. அண்ணன் விசைப்படகில் போகிறார், சித்தப்பா நாட்டுப்படகு வைத்திருக்கிறார். "நான் எழுதுறதை நம்பி அவங்க கிளம்புறாங்க, இல்லன்னா நிக்கிறாங்க. நான் எழுதுறது சரியான்னு யார்கிட்ட கேக்குறது? நீங்க பாத்துச் சொல்லுங்க" என்று எழுதியிருந்தார். படத்தோடு தன் மொழிபெயர்ப்பையும் வைத்திருந்தார்.

இதைவிடப் பொறுப்பான மொழிபெயர்ப்பு வேலை என் மேசைக்கு வந்ததில்லை. அதனால் இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதும் அந்தப் பலகைக்குத்தான்.

முதலில் பலகையில் இருந்ததைச் சொல்லிவிடுகிறேன். வலது மேல் மூலையில் 14-06, 1300 ஐஎஸ்டி என்று சிறிய எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே நான்கு வரிகள். முதல் வரியில் 'ஸ்குவாலி வெதர்', மணிக்கு 45–55 கிலோமீட்டர், 'கஸ்டிங் டு' 65, மன்னார் வளைகுடாவும் அதை ஒட்டிய குமரிக்கடலும், 14/1730 முதல் 16/0230 வரை. இரண்டாவதில் அதே மாதிரிக் காற்று, 40–50, 'கஸ்டிங்' 60, இடத்துக்கு 'எஸ்டபிள்யூ பிஓபி' என்று சுருக்கெழுத்து, 15/0830 முதல் 16ஆம் தேதி வரை. அந்த முடிவு மணியில் ஓர் இலக்கம் கை பட்டு அழிந்திருக்கிறது. மூன்றாவதில் 'ஹை வேவ்', 2.4 முதல் 2.7 மீட்டர், 14/1730 முதல் 15/2330 வரை. நான்காவது மழை. நீலகிரி, கோவை மாவட்ட 'காட்' பகுதிகளில் 'ஐசொலேட்டட்' இடங்களில் 'ஹெவி ரெயின்', தேதி 15. கடைசியில் மீனவர்கள் மேற்சொன்ன கடல் பகுதிகளுக்குப் போக வேண்டாம் என்ற அறிவுரை.

தேதியைக் கவனியுங்கள். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாள். அது முடிகிற அன்றைக்கு எழுதிய பலகை இது. ஐஸ் ஏற்றி, டீசல் நிரப்பி, வலையைச் சீர்செய்து இரண்டு மாதமாகக் காத்திருப்பவர்கள் அன்றிரவு அந்தச் செய்தியைப் படிக்கிறார்கள்.

சொற்களுக்குப் போகுமுன் மணிக்கணக்கைப் பார்ப்போம். இந்த மாதிரிப் பலகையில் மிக அதிகமாகப் பிசகுவது காற்றின் பெயரோ மழையின் பெயரோ இல்லை. எப்போதிலிருந்து எப்போது வரை என்பதுதான்.

16/0230 என்பதை நம் சகோதரி 'நாளை ராத்திரி 2.30 மணி வரை' என்று எழுதியிருந்தார். ஊர் வழக்கில் அது சரியான பேச்சு. நம்மில் பலருக்கு விடிந்தால்தான் மறுநாள். இரவு ஒன்றானாலும் இரண்டானாலும் முதல் நாளின் ராத்திரிதான் அது. கடிகாரமோ நள்ளிரவிலேயே தேதியை மாற்றிவிடுகிறது. பலகையின் 16/0230 என்பது 15ஆம் தேதி திங்கட்கிழமை இரவு படுத்து, செவ்வாய் விடியுமுன் வருகிற இரண்டரை மணி. ஞாயிறு மாலையில் அவர் 'நாளை ராத்திரி' என்று எழுதியதும் அதே நேரத்தைத்தான். ஆனால் அந்தச் செய்தியை ஒருவர் திங்கள் காலையில் திறந்து பார்த்தால் 'நாளை' என்பது அவருக்குச் செவ்வாய் ஆகிவிடும். முடிவு நேரம் ஒரு நாள் தள்ளிப்போகும். இது நேர்மாறாகவும் நடக்கும். 'இன்று மாலை முதல்' என்று தொடங்கும் நேற்றைய செய்தியை இன்று படிப்பவர், காலையில் காற்று இல்லை என்று நினைத்துவிடுவார்.

ஆகவே பலகையைப் பெயர்க்கும்போது இன்று, நாளை, நாளை மறுநாள் என்ற சொற்களே வேண்டாம். கைக்குக் கை மாறிப் போகும் செய்தியில் அவை நாளுக்கு நாள் வேறு வேறு பொருள் தரும். தேதி, கிழமை, பொழுது, மணி நான்கையும் சேர்த்து எழுதுங்கள். '16ஆம் தேதி, செவ்வாய், விடியுமுன் 2.30 மணி வரை' என்றால் யாரும் எப்போது படித்தாலும் ஒரே நேரம்தான். 1730 என்பதை 'மாலை 5.30' என்றும் 2330 என்பதை 'இரவு 11.30' என்றும் மாற்றியே எழுதுங்கள். இருபத்துநான்கு மணிக் கணக்கில் பழகாதவர்கள் பதினேழு முப்பதை ஏழு முப்பது என்று வாங்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

பலகையில் ஏன் எல்லா மணியும் முப்பதில் முடிகிறது என்று கேட்டால், அதில் ஒரு நல்ல பயன் இருக்கிறது. வானிலையாளர்கள் உலகம் முழுவதும் ஒரே கடிகாரத்தை வைத்து மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். அந்த உலக நேரத்துக்கு நம் நேரம் ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. அங்கே பூஜ்யம், மூன்று, ஆறு, ஒன்பது என்று வருவதெல்லாம் இங்கே காலை 5.30, 8.30, 11.30, பிற்பகல் 2.30 என்று வரும். அப்படியே மாலை 5.30, இரவு 8.30, 11.30, விடியுமுன் 2.30. முன்னறிவிப்பின் கால எல்லை பெரும்பாலும் இந்த எட்டு நேரங்களில் ஒன்றில்தான் தொடங்கும், முடியும். அறிக்கை வெளியிட்ட நேரம் மட்டும் இந்தப் பலகையின் 1300 மாதிரி எதுவாகவும் இருக்கலாம்.

இதை வைத்து, அழிந்த இலக்கத்தைச் சோதிக்கலாம். படத்தில் முதல் இலக்கம் தெரியாமல் 730 மட்டும் தெரிந்தால் அது 1730ஆகத்தான் இருக்கும். 0730 அந்த வரிசையில் இல்லை. நம் சகோதரியின் இரண்டாவது வரியில் அழிந்திருப்பதோ வேறு இடம். பூஜ்யம் தெரிகிறது, கடைசியில் முப்பது தெரிகிறது, நடுவில் இருப்பது ஐந்தா எட்டா என்று தெரியவில்லை. 0530, 0830 இரண்டுமே வரிசையில் உள்ளவை. கணக்கு இங்கே கைகொடுக்காது. அவர் 5.30 என்று எழுதியிருந்தார், எழுத்தின் வளைவைப் பார்த்து ஊகித்ததாகவும் சொல்லியிருந்தார். எச்சரிக்கை முடியும் நேரத்தை ஊகத்தில் எழுதக் கூடாது. பலகைக்கே திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும், அல்லது எழுதியவரைக் கேட்க வேண்டும். இரண்டும் முடியாவிட்டால் '16ஆம் தேதி காலை, மணி படத்தில் தெளிவாக இல்லை, 5.30 அல்லது 8.30, கேட்டு உறுதி செய்துகொள்ளவும்' என்று அப்படியே எழுதிவிடலாம். படிப்பவர் தெரிந்துகொண்டு முடிவெடுப்பார்.

மழைக்கு வேறொரு நாள் கணக்கு உண்டு. நான்காவது வரியில் மணி இல்லை, வெறும் 15 என்று இருக்கிறது. இந்திய வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. 'இன்று காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில்' என்று செய்தியில் கேட்டுப் பழகியிருப்பீர்கள், அதே கணக்குதான். ஆகவே 15ஆம் தேதிக்கு என்று சொன்ன கனமழை, 16ஆம் தேதி அதிகாலை நான்கு மணிக்குக் கொட்டினாலும் முன்னறிவிப்பு தவறவில்லை. ஊட்டிக்கு மீன் ஏற்றிப் போகும் வண்டிக்காரர் 'பதினஞ்சோட மழை முடிஞ்சுது' என்று நினைத்து, அன்றிரவு மலையேறிவிடக் கூடாது. மொழிபெயர்ப்பில் '15ஆம் தேதி காலை 8.30 முதல் 16ஆம் தேதி காலை 8.30 வரை' என்று விரித்து எழுதுவது பலகையில் இல்லாததைச் சேர்ப்பது ஆகாது. பலகை எழுதியவர் சுருக்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பதுதான்.

இப்போது காற்றுக்கு வருவோம்.

முதல் வரியின் 'ஸ்குவாலி வெதர்' என்பதை அவர் 'புயல்' என்று எழுதியிருந்தார். இது கூடாது. புயல் என்பது கடலில் உருவாகிச் சுழன்று நகர்கிற ஓர் அமைப்புக்குப் பெயர். காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி வலுத்து, தாழ்வு மண்டலமாகி, ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகி, அதன் காற்று நிலையாக மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் நம் வானிலைத் துறை அதற்குப் புயல் என்று பெயர் தரும். ஜூன் மாதத்தில் மன்னார் வளைகுடாவில் வீசுவது தென்மேற்குப் பருவக்காற்றின் வேகம். சுழலும் அமைப்பு எதுவும் இல்லாமலேயே அது படகைக் கவிழ்க்கும் அளவுக்கு வீசும். இதற்கு வானிலை மையத்தின் தமிழ் அறிக்கைகளில் 'சூறாவளிக்காற்று' என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல் பலருக்குப் புயலையே நினைவூட்டுகிறது என்பது உண்மைதான். ஆனாலும் நாளிதழிலும் வானொலியிலும் வருகிற அதே சொல்லை நீங்களும் எழுதினால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்குக் குழப்பம் வராது. பக்கத்திலேயே 'புயல் அல்ல, திடீர் திடீரென வலுக்கும் பலத்த காற்று' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். புயல் இல்லாத நாளில் புயல் என்று எழுதிக்கொண்டே இருந்தால், உண்மையில் புயல் வரும் நாளில் எழுத உங்களிடம் சொல் இருக்காது.

அடுத்து, 65 என்ற எண். அவருடைய மொழிபெயர்ப்பில் அது இல்லை. '45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில்' என்று முடித்துவிட்டார். 45–55 என்பது சில நிமிடங்களுக்குச் சராசரியாக வீசும் வேகம். நடுவில் சில நொடிகள் மட்டும் உந்தி எழுகிற வீச்சுதான் 65. வானிலை மையத்தின் தமிழில் இதற்கு அழகான ஒரு சொல் இருக்கிறது: 'இடையிடையே'. 'மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும்' என்று எழுதுவார்கள். இந்த இடையிடையே வருகிற வீச்சுதான் கட்டிய கயிற்றை அறுக்கிறது, திருப்பத்தில் இருக்கும் படகைச் சாய்க்கிறது. காற்று ஒரு பொருளைத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 45இல் தள்ளுவதைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று மேலாக 65இல் தள்ளும். அந்த எண்ணை விட்டுவிட்டால் எச்சரிக்கையில் பாதி போய்விடுகிறது.

இந்த எண்களையும் ஒன்றை வைத்து ஒன்றைச் சோதிக்கலாம். மீனவர்களுக்கான எச்சரிக்கையில் காற்றின் வேகம் வழக்கமாகப் பத்துப் பத்தாக ஏறும். 35–45 என்றால் இடையிடையே 55. 40–50 என்றால் 60. 45–55 என்றால் 65. படத்தில் 45–55, இடையிடையே 55 என்று தெரிந்தால், அந்தக் கடைசி எண் 65ஆக இருந்து, ஆறின் வயிறு அழிந்து ஐந்தாகத் தெரிகிறதோ என்று சந்தேகப்பட்டு இன்னொரு முறை பாருங்கள்.

இரண்டாவது வரியில்தான் பெரிய சிக்கல். 'எஸ்டபிள்யூ பிஓபி' என்பதை அவர் 'தென்மேற்குக் காற்று 40–50 கிலோமீட்டர் வேகத்தில்' என்று படித்துவிட்டார். தென்மேற்குப் பருவகாலம், தென்மேற்கு என்று கண்ணில் பட்டதும் காற்று என்றே மனம் ஓடியிருக்கிறது, யாருக்கும் ஓடும். ஆனால் அது காற்றின் திசையைச் சொல்லவில்லை, கடலின் பெயரைச் சொல்கிறது: தென்மேற்கு வங்கக்கடல். வங்காள விரிகுடாவை வானிலைத் துறை பகுதி பகுதியாகப் பிரித்துப் பெயரிடுகிறது. அதன் தென்மேற்கு மூலை எது என்று வரைபடத்தில் பார்த்தால், தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் கிழக்கே இருக்கிற கடல். கரையில் நிற்பவருக்கு அது கிழக்குத் திசை. அதன் பெயரோ தென்மேற்கு. திசையாகப் படித்தால் 'எந்தக் கடலில்' என்ற தகவலே செய்தியிலிருந்து மறைந்துபோகிறது. மிஞ்சுவது எங்கே வீசும் என்று தெரியாத ஒரு காற்று.

எது கடல், எது காற்று என்று எப்படி அறிவது? காற்றின் திசையைச் சொல்லும்போது ஆங்கிலத்தில் அந்தத் திசைச் சொல்லின் வாலில் ஓர் ஒட்டு வரும், சுருக்கி எழுதினாலும் மேற்கோள் குறி மாதிரி ஒன்றை இட்டு அந்த வாலைக் காட்டுவார்கள். கடலின் பெயரில் அது இருக்காது. பக்கத்தில் விரிகுடாவின் பெயரோ அரபிக்கடலின் பெயரோ நிற்கும். காற்றின் திசை என்று உறுதியானால், அது எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் சொல்கிறது, எங்கே போகிறது என்பதை இல்லை. தென்மேற்குக் காற்று தென்மேற்கிலிருந்து புறப்பட்டு வருவது. நம் வழக்கும் அப்படித்தான். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கச்சான், தெற்குப் பக்கமிருந்து வருவது சோழகம். இந்தப் பெயர்கள் உங்கள் தெருவில் புழங்குமானால் தாராளமாக எழுதுங்கள். கூடவே திசையையும் எழுதிவிடுங்கள். ஒரே பெயர் ஊருக்கு ஊர் சற்றே திரும்பி நிற்பதுண்டு.

கடல்களின் பெயரில் பாம்பன்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. அவர்களுக்கு மன்னார் வளைகுடா தென்கடல், பாக் நீரிணைப் பக்கம் வடகடல். ஒரே தீவில் இரண்டு கடல். முதல் வரியில் இருப்பது மன்னார் வளைகுடாவும் குமரிக்கடலும் மட்டும். ஆகவே 'மன்னார் வளைகுடா (தென்கடல்)' என்று அடைப்புக்குறிக்குள் ஊர்ப்பெயரைப் போட்டுவிட்டால், சித்தப்பாவுக்கு வேறு விளக்கம் வேண்டாம். வடகடலைப் பற்றிப் பலகையில் ஒன்றும் இல்லை என்றால், 'வடகடலுக்கு எச்சரிக்கை இல்லை' என்று எழுதலாமா? வேண்டாம். 'பாக் நீரிணை பற்றி இந்தப் பலகையில் எதுவும் எழுதவில்லை' என்று மட்டும் எழுதுங்கள். எழுதியவர் இடமில்லாமல் விட்டிருக்கலாம், படத்தின் ஓரம் வெட்டுப்பட்டிருக்கலாம். பலகை சொல்லாததைப் பாதுகாப்பு என்று மொழிபெயர்க்க நமக்கு உரிமை இல்லை.

மூன்றாவது வரியைப் பற்றிக் கொஞ்சம். 'ஹை வேவ்' என்பதற்குப் பேரலை என்று எழுதியிருந்தார். 2004க்குப் பிறகு நம் கடற்கரையில் அந்தச் சொல் வேறொன்றாகிவிட்டது. இரவில் அந்தச் சொல்லைப் படித்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடத் தயாராகிவிடுவார்கள். 'உயர் அலை' என்றால் போதும். இந்த எச்சரிக்கையை ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் வெளியிடுகிறது. 2.4 முதல் 2.7 மீட்டர் என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. அது வருகிற அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. நடுநடுவே தனியாக எழும் ஓர் அலை அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வரைகூடப் போகலாம். ஆகையால் '2.7 மீட்டருக்கு மேல் போகாது' என்ற பொருள் வரும்படி எழுதக் கூடாது; '2.4 முதல் 2.7 மீட்டர் அளவில், சில அலைகள் இதைவிட உயரமாகவும்' என்று எழுதலாம். காற்று நின்ற பிறகும் அலை நீடிப்பதும் உண்டு. தொலைவில் எங்கோ அடித்த காற்றில் கிளம்பிய நீண்ட அலை, இங்கே காற்றே இல்லாத வேளையில் கரையேறுவதைத்தான் கள்ளக்கடல் என்கிறோம். அதனால்தான் காற்றுக்கு ஒரு கால எல்லையும் அலைக்கு வேறொரு கால எல்லையும் கொடுக்கிறார்கள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து ஒரே மணியைப் போட்டுவிடாதீர்கள்.

மழை வரியில் 'ஐசொலேட்டட்' என்பதை அவர் 'தனித்தனி இடங்களில்' என்று எழுதியிருந்தார். வானிலை மையம் 'ஓரிரு இடங்களில்' என்று எழுதும். இது பேச்சுக்குச் சொல்வது போலத் தோன்றினாலும் அளந்து வைத்த சொல். அந்த வட்டாரத்தின் மழைமானி நிலையங்களில் கால் பங்குக்குள் மழை பெய்தால் ஓரிரு இடங்கள், அரைப் பங்கு வரை போனால் ஒருசில இடங்கள், முக்கால் வரை அநேக இடங்கள், அதற்கு மேல் பெரும்பாலான இடங்கள். அதே போலக் கனமழை என்பதும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 11 சென்டிமீட்டர். 12 முதல் 20 வரை மிக கனமழை. 21ஐத் தொட்டால் அதி கனமழை. எங்கே என்பது ஒரு சொல், எவ்வளவு என்பது இன்னொரு சொல். 'ஓரிரு இடங்களில் கனமழை' என்றால் மழை குறைவு என்று பொருள் இல்லை. இடம் குறைவு, பெய்கிற இடத்தில் கொட்டும். 'காட்' என்பது மலைத்தொடர்தான், 'மலைச்சரிவுப் பகுதிகள்' என்று அவர் எழுதியிருந்தது மிகச் சரி.

'வாய்ப்பு' என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். 'மழை பெய்யும்' என்பதும் 'மழை பெய்ய வாய்ப்பு உள்ளது' என்பதும் ஒன்றில்லை. பெய்யும் என்று உறுதியாக எழுதிப் பெய்யாவிட்டால் அடுத்த செய்திக்கு மதிப்பு போகும்.

மூலையில் இருந்த 14-06, 1300 என்பதற்கு வருகிறேன். அவருடைய மொழிபெயர்ப்பில் இது இடம்பெறவே இல்லை. இது முதல் வரியாக வர வேண்டியது. ஒக்கிப் புயல் நினைவிருக்கும். 2017 நவம்பர் 29ஆம் தேதி முற்பகலில் அது இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலமாக இருந்தது. மறுநாள் 30ஆம் தேதி முற்பகலில் குமரிக்கடலில் புயலாகிவிட்டது. இடையில் ஒரு நாள்தான். முதல் நாள் பலகையைப் படம் எடுத்து மறுநாள் பகிர்ந்தால், அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் எழுதிய நேரத்தில் சரியாகவும் படிக்கிற நேரத்தில் தவறாகவும் இருக்கும். அறிக்கை எப்போது வெளியானது என்று தெரிந்தால்தான், அதற்குப் பிறகு புதிது வந்திருக்கிறதா என்று தேட ஒருவருக்குத் தோன்றும். படம் எடுக்கும்போது நான்கு மூலையும் விழும்படி எடுங்கள். வெயில் எதிரொளிக்கும் வேளையில் சற்றுப் பக்கவாட்டில் நின்று எடுத்தால் வெள்ளைப் பூச்சாக அடிக்காது. அடியில் பின்னாடி சேர்த்த திருத்தம் இருக்கலாம், அதையும் விடாதீர்கள்.

இத்தனையும் பார்த்து நானும் அவருமாகத் தொலைபேசியில் உட்கார்ந்து திருத்திய வடிவம் இது:

'வெளியான நேரம்: ஜூன் 14, ஞாயிறு, பகல் 1 மணி. இதற்குப் பிறகு புதிய அறிவிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.

மன்னார் வளைகுடா (தென்கடல்), அதை ஒட்டிய குமரிக்கடல்: 14 ஞாயிறு மாலை 5.30 முதல் 16 செவ்வாய் விடியுமுன் 2.30 வரை சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும் வீச வாய்ப்பு. புயல் அல்ல, திடீரென வலுக்கும் பலத்த காற்று.

தென்மேற்கு வங்கக்கடல் (தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் கிழக்கே): 15 திங்கள் காலை 8.30 முதல் 16 செவ்வாய் காலை வரை 40 முதல் 50, இடையிடையே 60 கி.மீ. முடியும் மணி படத்தில் தெளிவாக இல்லை, 5.30 அல்லது 8.30.

உயர் அலை: 14 ஞாயிறு மாலை 5.30 முதல் 15 திங்கள் இரவு 11.30 வரை, 2.4 முதல் 2.7 மீட்டர் அளவில். சில அலைகள் இதைவிட உயரமாகவும் எழலாம்.

மழை: 15 திங்கள் காலை 8.30 முதல் 16 செவ்வாய் காலை 8.30 வரை நீலகிரி, கோவை மாவட்ட மலைச்சரிவுப் பகுதிகளில் ஓரிரு இடங்களில் கனமழைக்கு வாய்ப்பு.

மேலே சொன்ன கடல் பகுதிகளுக்கு, சொன்ன நேரங்களில், மீனவர்கள் செல்ல வேண்டாம் என அறிவுறுத்தப்பட்டுள்ளது. பாக் நீரிணை (வடகடல்) பற்றிப் பலகையில் எதுவும் எழுதவில்லை, மீன்துறையில் கேட்டுக்கொள்ளவும்.'

பலகையைவிட இது நீளம்தான். அவருக்கும் அந்தக் கவலை வந்தது, "இவ்வளவு பெருசா எழுதினா படிப்பாங்களா?" என்றார். நான் சுருக்க வேண்டாம் என்றேன். பலகை எழுதியவருக்கு இடம் குறைவு, அதனால் சுருக்கினார். கைப்பேசிச் செய்திக்கு அந்த நெருக்கடி இல்லை. படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு இதையே குரலில் பதிந்து அனுப்பலாம் என்று அவரே வழி சொன்னார். குரலில் பதியும்போது எண்களை இரண்டு முறை சொல்லுங்கள். கடற்கரையில் காற்றுச் சத்தத்தில் நாற்பத்தைந்தும் ஐம்பத்தைந்தும் ஒன்று போலக் கேட்கும்.

கடற்கரை வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பழவேற்காடு முதல் நீரோடி வரை, அந்தப் பக்கம் மன்னார் முதல் மட்டக்களப்பு வரை, உங்கள் ஊரில் எந்தத் திசைக் காற்றை என்ன பெயரில் அழைக்கிறீர்கள், அது எந்த மாதங்களில் வீசும், கரையை ஒட்டிய கடலுக்கும் ஆழக்கடலுக்கும் என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். எச்சரிக்கைப் பலகையின் சொற்களுக்கு நேரே ஊர்வாரியாக அவற்றை வைத்து ஓர் அட்டவணை தயாரிக்கிறோம். வாடைக்காலம் தொடங்குமுன், ஐப்பசி இதழோடு தனித் தாளாக, சுவரில் ஒட்டும் அளவில் தரப் போகிறோம். கடிதத்தில் உங்கள் ஊர்ப் பெயரைத் தெளிவாக எழுத மறந்துவிடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்